குண்டு எறியும் கோடு: சூத்திரமா, லூப்பா, தனிக் காட்சியா?

பெங்களூரு கோரமங்களாவில் நாங்கள் யூனிட்டி கேம் என்ஜினில் செய்யும் விளையாட்டில், குண்டை எறியும் முன் தெரியும் வளைகோட்டை எப்படிக் கணக்கிடுவது என்று டீமுக்குள் ஒரு வாக்குவாதம். “பிளஸ் டூ பிசிக்ஸ் சூத்திரம் இருக்கு, அப்புறம் என்ன?” என்றார் கோயம்புத்தூர்க்கார சீனியர் ஒருவர்.

சூத்திரம் சரிதான். என்ஜின்தான் அதன்படி நடப்பதில்லை. யூனிட்டியின் இயற்பியல் 0.02 விநாடிக்கு ஒரு படியாக நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் முதலில் வேகத்தை மாற்றி, அந்தப் புது வேகத்தால் குண்டை நகர்த்துகிறது.

மேல்நோக்கி 9.81, முன்னோக்கி 10 மீட்டர்/விநாடி வேகத்தில் எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரப்படி உச்சி 4.905 மீட்டர், தரையைத் தொடுவது 2 விநாடியில், 20 மீட்டர் தூரத்தில். என்ஜினில் உச்சி சுமார் 4.81 மீட்டர்தான். குண்டு ஒரு படி முன்னதாகவே, 19.8 மீட்டரில் விழுந்துவிடும். 20 சென்டிமீட்டர் என்பது திறந்தவெளியில் ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாக எறிபவருக்கு அது சட்டத்தில் பட்டுத் திரும்பும் குண்டு. சூத்திரத்தில் `t*t` என்பதை, ஒரு படியின் நேரமான `dt`-ஐச் சேர்த்து `t*(t+dt)` என்று மாற்றினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஆனால் காற்றுத் தடையான டிராக் சேர்த்த அன்றே அந்தத் திருத்தமும் பொய்யாகிவிடும்.

அதனால் என் ஓட்டு லூப்புக்கு. என்ஜின் செய்வதை அதே வரிசையில் நாமும் செய்கிறோம், அவ்வளவுதான்:

```
v += g * dt;
v *= 1 - drag * dt;
p += v * dt;
```

முதல் வரியும் கடைசி வரியும் இடம் மாறினால் கோடு சூத்திரத்துக்கும் மேலே போய்விடும், என்ஜினோடு ஒப்பிட்டால் பிழை இரட்டிப்பு. `dt` என்பது `Time.fixedDeltaTime`. ஃபிரேம் நேரத்தைக் கொடுத்தால் கோடு நடுங்கும். புள்ளியை மூன்று படிக்கு ஒன்றாக வரையலாம், கணக்கை மட்டும் ஒரு படிகூடத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் குண்டின் ஆரத்தோடு `SphereCast` செய்து, முதல் மோதலில் நிறுத்திவிடலாம்.

மூன்றாவது வழி, சுவர்களை நகலெடுத்த தனி இயற்பியல் காட்சியில் போலிக் குண்டை எறிந்து `PhysicsScene.Simulate` ஓட்டுவது. மோதிக் குதித்த பிறகு எங்கே போகும் என்பதையும் காட்ட வேண்டுமானால் இதுதான் வழி. விலை என்னவென்றால், 2 விநாடிப் பாதைக்கு 100 படிகளை ஒரே ஃபிரேமில் ஓட்ட வேண்டும். நகரும் கதவுகளை நகலிலும் நகர்த்த வேண்டும். மொபைலுக்கு நான் இதை எடுக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் நிஜக் குண்டுக்குப் பின்னால் ஒரு `TrailRenderer` கட்டி, இரண்டு கோடுகளையும் பாருங்கள். ஆரம்பத்திலேயே பிரிந்தால் எறியும் வேகம் தப்பு. பெரும்பாலும் `AddForce`-இல் `ForceMode.Impulse` விட்டுப்போயிருக்கும், அல்லது நிறையால் வகுக்க மறந்திருப்போம். போகப்போக விலகினால் படியோ டிராகோ. கடைசியில் சுவரருகே மட்டும் விலகினால் ஆரத்தைச் சரிபாருங்கள்.