குழந்தைகளுக்கான ராக்லன் ஜெர்சி பேட்டர்ன்: இரண்டு குளிர்காலம் பின்னிப் பார்த்த பிறகு

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்திலுள்ள எங்கள் லெனேசியாவில் ஜூன், ஜூலை மாத இரவுகளில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். காலையில் பள்ளிக்கூட வகுப்பறையும் அதே குளிரில்தான் இருக்கும். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏப்ரலிலேயே ஊசியை எடுத்துவிடுவார்கள். போன குளிர்காலத்துக்கு முன்பு இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பேட்டர்ன்தான் இப்போது எங்கள் தெருவில் கைமாறிக்கொண்டிருக்கிறது. கழுத்தில் தொடங்கி வட்டமாகக் கீழே பின்னிக்கொண்டு போகும் ராக்லன் ஜெர்சி, அதாவது கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்ந்த கோட்டில் கை உடம்போடு சேரும் வகை. 2, 4, 6, 8 வயது என நான்கு அளவு. டபுள் நிட் நூல். வடிவம் நன்றாக இருக்கிறது, தையல் வேலை கிட்டத்தட்ட இல்லை, பிள்ளைகள் விரும்பிப் போடுகிறார்கள். ஆனால் அச்சில் இருப்பதை அப்படியே நம்பிப் பின்னினால் 6 வயது அளவு கெட்டுப்போகும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் பேரனுக்கு அந்த அளவில்தான் பின்னினார். பின்னல் ஒரே சீராக, பார்க்கவே அழகாக இருந்தது. ஆனால் பையன் சட்டைக்கு மேல் போட்டதும் கையைத் தூக்க முடியவில்லை. "பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தாம்மா பின்னினேன்" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. கோளாறு பேப்பரில்தான் இருந்தது.

மேல்பகுதி முடிந்து கைகளைத் தனியாகப் பிரிக்கும் இடத்தில் ஊசியில் மொத்தம் எத்தனை கண்ணி இருக்க வேண்டும் என்று ஒரு நல்ல பேட்டர்ன் சொல்லிவிடும். பின்னுகிறவர் நின்று எண்ணிப் பார்க்கும் இடமே அதுதான். இந்தப் பேட்டர்னில் அந்த எண் இல்லை. "ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டவும், 16 (18, 18, 22) முறை" என்று மட்டும் போட்டுவிட்டு நேராகக் கை பிரிக்கப் போய்விடுகிறது.

அந்த வரியைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. 16, 18, 18, 22. மற்ற எல்லா எண்களும் அளவுக்கு அளவு ஒரே சீராக ஏறுகின்றன: கழுத்தில் போடும் கண்ணி 76, 80, 84, 88; அக்குளில் சேர்ப்பது 5, 6, 7, 8. இந்த ஒரு வரி மட்டும் நடுவில் நின்றுவிட்டு அப்புறம் நாலாகத் தாவுகிறது. 20 இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து 18-ஐயே மறுபடி அடித்துவிட்டார்களோ என்று தோன்றியது. தோன்றினால் போதாது, கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

6 வயது அளவுக்குக் கழுத்தில் 84 கண்ணி. முன்பக்கம் 28, முதுகு 28, கை ஒவ்வொன்றும் 14. நான்கு ராக்லன் கோடுகள், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் ஒன்று கூட்டுவதால் ஒரு கூட்டும் சுற்றுக்கு 8 கண்ணி ஏறும். அதாவது முன்பக்கம், முதுகு, இரண்டு கைகள், இவை ஒவ்வொன்றுக்கும் 2. பேட்டர்ன் சொல்லும் 18 முறை கூட்டினால் முன்பக்கமும் முதுகும் 64 ஆகும். இரண்டு அக்குளுக்கும் 7 வீதம் சேர்த்தால் உடம்புக்கு 142 கண்ணி. டென்ஷன் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்பதால் 142-ஐ 2.2-ஆல் வகுத்தால் மார்பு 64.5 சென்டிமீட்டர். ஆனால் முதல் பக்க அட்டவணையில் பின்னி முடித்த அளவு 68 என்றுதான் இருக்கிறது. 4 வயது அளவையும் இதே மாதிரி போட்டுப் பார்த்தால் 138 வருகிறது. ஆக, இரண்டு வயது வித்தியாசத்துக்கு நாலே கண்ணி வித்தியாசம். பையனுக்குக் கை ஏறாததில் ஆச்சரியமே இல்லை.

20 முறை என்று வைத்தால் முன்பக்கமும் முதுகும் 68, உடம்புக்கு 150, மார்பு 68.2. அட்டவணையோடு பொருந்துகிறது. மேல்பகுதியின் ஆழம் 14 சென்டிமீட்டர் என்று படத்தில் குறித்திருக்கிறார்கள். 10 சென்டிமீட்டருக்கு 28 சுற்று என்பதால் 40 சுற்றுக்கு 14.3 வரும், 36 சுற்றுக்கு 13-கூட வராது. இன்னொரு சாட்சி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கை பின்னும் பகுதியில் "61 கண்ணியிலிருந்து குறைக்கத் தொடங்கவும்" என்று வருகிறது. 14-உடன் 40 கூட்டி, அக்குள் 7 சேர்த்தால் அதே 61. பதினெட்டு முறைக்கு 57-தான் வரும். ஆக, கை பிரிக்கும்போது 244 கண்ணி இருக்க வேண்டும். என் பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் எந்தப் பேட்டர்ன் வாங்கினாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். முன்னால் விட்டுப்போன எண் பெரும்பாலும் பின்னால் எங்காவது தலைகாட்டிவிடும்.

அடுத்தது சுருக்கெழுத்து. கூட்டும் சுற்றில் "மார்க்கருக்கு 1 கண்ணி முன்வரை பின்னவும், இன்க் 1, மார்க்கரை நகர்த்தவும், இன்க் 1" என்று இருக்கிறது. இன்க் 1 என்றால் ஒரு கண்ணி கூட்டுவது, ஆனால் எப்படிக் கூட்டுவது என்று எங்கும் விளக்கம் இல்லை. இரண்டு கண்ணிகளுக்கு நடுவே கிடக்கும் நூலைத் தூக்கிப் பின்னுவதா, ஒரே கண்ணியில் முன்னாலும் பின்னாலும் பின்னுவதா? இங்கே வாக்கியமே விடை சொல்லிவிடுகிறது. நூலைத் தூக்கிக் கூட்டினால் இருக்கும் கண்ணி எதுவும் செலவாகாது. மார்க்கருக்கு முன் அந்த ஒரு கண்ணி பின்னாமல் ஊசியில் நின்றுவிடும். அது செலவாக வேண்டுமானால் முன்னும் பின்னும் பின்னும் முறையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இந்த முறையில் ஒவ்வொரு தடவையும் கண்ணியின் இடப்பக்கம் ஒரு சின்ன முடிச்சுப்போல் விழும். பேட்டர்ன்படி பின்னினால் மார்க்கருக்கு முன்னால் வரும் முடிச்சு கோட்டை ஒட்டியும், அடுத்து வருவது ஒரு கண்ணி தள்ளியும் விழுந்து கோடு ஒரு பக்கமாக இழுத்ததுபோல் தெரியும். நான் மார்க்கருக்கு 2 கண்ணி முன்னாலேயே கூட்டிவிட்டு, 1 சாதாரணமாகப் பின்னி, மார்க்கரை நகர்த்திய உடனே அடுத்ததைக் கூட்டுகிறேன். முடிச்சுகள் கோட்டிலிருந்து இருபுறமும் ஒரே தூரத்தில் நிற்கின்றன. மொத்தக் கண்ணி மாறாது.

ஊசி விஷயம் எங்கள் வீடுகளுக்கென்றே வந்த வம்பு. பேட்டர்னில் "6-ஆம் எண் ஊசி" என்று மட்டும் இருக்கிறது. அது அமெரிக்க எண், 4 மில்லிமீட்டர். இங்கே ஆயாக்களின் பெட்டியில் கிடப்பதெல்லாம் பழைய பிரிட்டிஷ் எண் போட்ட ஊசிகள். அதில் 6 என்றால் 5 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டருக்கு 8 என்று இருக்கும். ஆயா ஊசியில் பின்னி 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் வந்தது என்று வையுங்கள், அதே 150 கண்ணி 75 சென்டிமீட்டராக விரிந்துவிடும். எண்ணை விட்டுவிட்டு, ஒரு சதுரம் பின்னி 22 வருகிறதா என்று பாருங்கள்.

பேட்டர்ன் விற்றவருக்கு எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை. காசுக்கு விற்பவர் இதையாவது செய்திருக்கலாம். ஆனாலும் 8 வயது அளவை அச்சில் உள்ளபடியே பின்னலாம்: கை பிரிக்கும்போது 264, உடம்புக்கு 162, மார்பு 73.6. 2 வயதுக்கும் 4 வயதுக்கும் கணக்கு சரியாகவே வருகிறது. 6 வயதுக்கு மட்டும் 18-ஐ அடித்துவிட்டு 20 என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு குளிர்காலம் மெஷினில் துவைத்த பிறகும் ராக்லன் கோடு இழுபடவில்லை, கழுத்தும் தொங்கவில்லை. அடுத்த வருடப் பள்ளி ஜெர்சியையும் பாட்டில் பச்சையில் இதிலேயே பின்னப்போகிறேன்.