பத்தில் ஐந்தாவது ஸ்லைடு: எதை வைத்தால் விரல் நகரும்?

பல ஸ்லைடுகளை விரலால் தள்ளிப் பார்க்கும் இன்ஸ்டாகிராம் கேரோசல் என்றால் எல்லோரும் முதல் ஸ்லைடுக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். உள்ளே வந்தவரை நடுவில் இழப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்கு ஸ்லைடுகள் ஒரே பின்னணி, ஒரே எழுத்து, ஒரே அமைப்பில் வந்தால், அடுத்ததும் இப்படித்தான் இருக்கும் என்று கண் முடிவு கட்டிவிடும். அந்த இடத்தில் தோற்றத்தை உடைக்க ஒரு ஸ்லைடு வேண்டும். எப்படிப்பட்டது என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்காகத் தீபாவளிக்கு முன் செய்த கேரோசலையே எடுத்துக்கொள்வோம். தலைப்பு, ‘ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கும் முன்’. இரண்டு முதல் நான்கு வரை துணி, லைனிங், அளவு ப்ளவுஸ். ஆறிலிருந்து எட்டு வரை கைக்குழி, கழுத்து இறக்கம், கொக்கி. ஒன்பதில் ஆர்டர் எடுக்கும் கடைசி நாள், பத்தில் வாட்ஸ்அப் எண். கொஞ்சம் யோசித்துப் படிக்க வேண்டிய பகுதி ஆறில் தொடங்குகிறது. அதனால் உடைக்கும் ஸ்லைடு ஐந்தாவது. சரியாக நடுவில் விழ வேண்டும் என்பது விதி இல்லை. கனமான பகுதிக்கு முந்தைய இடம்தான் கணக்கு.

முதலில் போட்டுப் பார்த்தது ஒற்றை வரி. வெள்ளைப் பின்னணியை அடர் அரக்காக மாற்றி, ‘அளவு சரி, ஆனாலும் ஏன் இறுக்கம்?’ என்று மட்டும் பெரிய எழுத்தில். செய்வது சுலபம், பார்த்ததும் கண்ணில் படும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நிறம் முழுக்க மாறி, நடுவில் நாலு வார்த்தை மட்டும் நின்றால் அது ‘நன்றி, வணக்கம்’ ஸ்லைடு போலத் தெரியும். முடிந்துவிட்டது என்று ஆள் போய்விடுவார். கீழே கடையின் லோகோவும் இருந்தால் சந்தேகமே வராது. லோகோவை எடுத்துவிட்டு, அடுத்த ஸ்லைடின் படத்தில் ஒரு துண்டு வலது ஓரத்தில் எட்டிப் பார்க்கும்படி வைத்தால் இந்தக் குழப்பம் தீரும். தமிழில் இன்னொரு சிக்கல்: நம் சொற்கள் நீளமானவை. 1080 பிக்சல் அகலத்தில் பெரிய எழுத்து போட்டால் சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். ஐந்தாறு சொற்களுக்கு மேல் வைக்காதீர்கள். மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரச் சுழியும் இடிக்காதபடி வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரண்டாவது, கேள்வி ஸ்லைடு: ‘உங்கள் ப்ளவுஸ் எங்கே இறுக்குகிறது? கமென்டில் சொல்லுங்கள்.’ நடுவில் இதை வைப்பதை நான் ஏற்கவில்லை. கமென்ட் எழுதப் போனவர் திரும்பி வந்து ஆறாவது ஸ்லைடைப் பார்ப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பதில் கேட்பதெல்லாம் கடைசி ஸ்லைடின் வேலை.

மூன்றாவது, நான் தேர்ந்தெடுத்தது: ஸ்லைடு முழுக்க, அருகிலிருந்து எடுத்த ஒரே ஒரு படம். அக்காவிடம் பழுது பார்க்க வந்த ப்ளவுஸ் ஒன்று. கையைத் தூக்கும்போது கைக்குழித் தையலிலிருந்து மார்புப் பக்கமாகக் குறுக்கே ஓடும் சுருக்கங்கள். மேலே தலைப்பு இல்லை, எண் இல்லை. சுருக்கத்தின் மேல் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் ‘இது ஏன்?’ என்ற இரண்டே சொற்கள். பதில் ஆறாவது ஸ்லைடின் முதல் வரியில். “இந்தச் சுருக்கம் இல்லாத வீடு இருக்காதுப்பா,” என்றார் அக்கா. படம் இழுப்பதற்கு அதுதான் காரணம். பார்ப்பவருக்குத் தன் அலமாரியில் தொங்கும் ப்ளவுஸ் ஞாபகம் வரும், காரணம் தெரியாமல் விட மனம் வராது. தமிழ் வேகமாகப் படிக்க வராத நம் இளையவர்களையும் இது நிறுத்தும்.

ஆனால் படம் சொந்தமாக எடுத்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அழகான மாடல் படத்தை வைத்தால் விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். காட்ட ஒரு பொருளே இல்லாத விஷயம், உதாரணமாக ஈபிஎஃப் பணம் எடுப்பது பற்றிய விளக்கம் என்றால், ஒற்றை வரி ஸ்லைடுக்கே என் ஓட்டு.

குட்டி வீடியோ? அசைவு கண்ணை இழுக்கும்தான். ஆனால் தன் வேகத்தில் தள்ளிக்கொண்டு வந்தவரை அது காத்திருக்க வைக்கிறது. எல்ஆர்டியில் சத்தம் இல்லாமல் பார்ப்பவருக்குப் பேச்சும் கேட்காது. மூன்று நான்கு விநாடிக்குள், பேச்சே இல்லாமல், கையைத் தூக்கி இறக்குவதை மட்டும் காட்டினால் சரி.

வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? மொத்தம் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் சேவ் செய்தார்கள் என்று பார்த்தால் நடு ஸ்லைடின் பங்கு தனியாகத் தெரியாது. அதனால் ஒன்பதாவது ஸ்லைடில் மட்டும் ‘வாட்ஸ்அப்பில் “கொக்கி” என்று அனுப்பினால் அளவு அட்டை தருவோம்’ என்று போட்டோம். அந்தச் சொல்லோடு வருபவர் ஒன்பது வரை வந்தவர். அடுத்தடுத்த பதிவுகளில் ஐந்தாவது ஸ்லைடை மட்டும் மாற்றி, இதை ஒப்பிடலாம். தலைப்பும் நேரமும் மாறினால் எண்ணிக்கையும் மாறும் என்பதால், ஒரே ஒரு பதிவை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அப்புறம், ஐந்தாறு ஸ்லைடுதான் மொத்தமே என்றால் இந்த உடைப்பே தேவையில்லை. அந்த இடத்தை விஷயத்துக்கே கொடுத்துவிடுங்கள்.