வாட்ச்சில் அழைப்பு வருகிறது, வாட்ஸ்அப் வரவில்லை: அனுமதியா, பேட்டரியா, மறு இணைப்பா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய புளூடூத் காலிங் வாட்ச், ஆண்ட்ராய்டு போன். அழைப்பு வந்தால் வாட்ச் அதிர்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பும் அப்பார்ட்மென்ட் கேட்டிலிருந்து வரும் ஆப் அறிவிப்பும் காலையில் வந்து, மதியத்துக்குள் நின்றுவிடுகின்றன. இதற்குப் பொதுவாக மூன்று வைத்தியம் சொல்வார்கள்: அனுமதியைச் சரிபார், பேட்டரிக் கட்டுப்பாட்டை எடு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப இணை. மூன்றும் வேறு வேறு கோளாறுக்கானவை.

இந்த வகை வாட்ச் போனுடன் இரண்டு இணைப்பு வைத்திருக்கிறது. பேசுவதற்கான இணைப்பு புளூடூத் ஹெட்செட் மாதிரி நேராகப் போனோடு பேசும். வாட்ச்சின் ஆப் செத்துக் கிடந்தாலும் அழைப்பு மணி அடிக்கும். மெசேஜ் அப்படியில்லை. போனில் வரும் நோட்டிஃபிகேஷனை வாட்ச் ஆப் படித்து, இன்னொரு இணைப்பு வழியாக அனுப்ப வேண்டும். ஆகவே அழைப்பு வந்து மெசேஜ் மட்டும் வராவிட்டால் வாட்ச் பழுதில்லை, ஆப்பைப் பாருங்கள். மெசேஜ் வந்து அழைப்பு மட்டும் வராவிட்டால் போன் அனுமதியையும், புளூடூத் பட்டியலில் காலிங்குக்கான இரண்டாவது பெயர் இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெயருக்குப் பதில் வெறும் நம்பர் தெரிந்தால் கான்டாக்ட்ஸ் அனுமதி இல்லை என்று பொருள்.

அனுமதியா பேட்டரியா என்று பிரிக்க ஒரு எளிய சோதனை உண்டு. வாட்ச் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, போன் திரையை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வாட்ஸ்அப் அனுப்பச் சொல்லுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அனுமதிக் கோளாறு. அப்போது வந்து, அரைமணி நேரம் போனைத் தொடாமல் வைத்த பிறகு வரவில்லையென்றால் பேட்டரிக் கட்டுப்பாடு. திரையை அணைப்பது முக்கியம்: போன் திரை எரியும்போது வாட்ச்சுக்கு அனுப்பாத அமைப்பு சில ஆப்களில் உண்டு.

அனுமதிக் கோளாறு என்றால் Settings-க்குள் Special app access, அதில் Notification access. வாட்ச் ஆப் ஆன் என்று காட்டினாலும் ஒருமுறை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். ஆப் அப்டேட்டுக்குப் பிறகு சுவிட்ச் ஆனிலேயே இருக்க, உள்ளே தொடர்பு அறுந்துபோவது உண்டு. பெட்டியிலிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் இறக்கியிருந்தால் ஆண்ட்ராய்டு 13 முதல் இந்தச் சுவிட்ச் மங்கலாகி, தொட்டால் நகராமல் இருக்கலாம். App info பக்கத்தின் மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் Allow restricted settings. அதே ஆப் பிளே ஸ்டோரில் இருந்தால் அங்கிருந்து மாற்றி நிறுவுவதே மேல். உங்கள் ஓடிபி மெசேஜைக்கூடப் படிக்க வழிவிடக்கூடிய அனுமதி இது. கடைசியாக வாட்ச் ஆப்பின் உள்ளேயும் வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், மற்ற ஆப்கள் தனித்தனியே ஆன் ஆக வேண்டும்.

எடுத்துக்கொண்ட வாட்ச்சில் கோளாறு இங்கில்லை. காலையில் வந்து மதியம் நிற்பது போன் ஆப்பைத் தூங்க வைப்பதன் அடையாளம். App info-வில் பேட்டரிப் பகுதிக்குப் போய் Unrestricted தேர்ந்தெடுங்கள். ஷவோமி போன்களில் அது No restrictions. கூடவே Autostart-ஐயும் ஆன் செய்யாவிட்டால் போன் ரீஸ்டார்ட் ஆன பிறகு பழைய கதைதான். சாம்சங்கில் Background usage limits உள்ளே Deep sleeping apps பட்டியலில் ஆப் இருந்தால் எடுத்துவிட்டு, தூங்காத ஆப்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ரீசன்ட் திரையில் எல்லாவற்றையும் துடைத்துத் தள்ளும் பழக்கம் இருந்தால் அந்தத் திரையிலேயே வாட்ச் ஆப்புக்குப் பூட்டுப் போடுங்கள். சார்ஜ் சீக்கிரம் தீரும் என்று பயந்து இதைத் தவிர்க்கிறார்கள். தளர்த்துவது ஒரே ஒரு ஆப்புக்குத்தான், மொத்த போனுக்கு அல்ல.

மூன்றாவது வழிதான் கடைக்காரர் முதலில் செய்வது. அதை முதலில் செய்யாதீர்கள். புதிதாக இணைத்ததும் ஆப் விழித்திருக்கும், மெசேஜ் வரும், சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு வருவீர்கள். பேட்டரிக் கட்டுப்பாடு அப்படியே இருப்பதால் மறுபடி நிற்கும். வாட்ச் ஆப்பிலேயே இணைந்ததாகக் காட்டாதபோது மட்டும் இது சரியான வழி. முடிந்தால் முதலில் நடைக் கணக்கை ஸின்க் செய்யுங்கள், இல்லையேல் போய்விடலாம். பிறகு ஆப்பில் வாட்ச்சை நீக்கி, புளூடூத் பட்டியலில் இரண்டு பெயரையும் அழித்து, போனை ரீஸ்டார்ட் செய்து, ஆப் வழியாக மறுபடி இணைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் இந்த மூன்றிலும் மருந்தில்லாமல் போகலாம். ஐடி கம்பெனி போட்டுத் தந்த வொர்க் ப்ரொஃபைலில் இருக்கும் மெயிலும் சாட்டும் வாட்ச்சுக்கு வராமல் தடுக்க அலுவலக நிர்வாகியால் முடியும். பெட்டிச் சின்னம் போட்ட ஆப்கள் மட்டும் வராமல் மற்றவை வந்தால், கேட்க வேண்டியது ஆஃபீஸ் ஐடி டீமை.