"வரேன்டா"வை ஸ்பானிஷில் எழுத: பெங்கோவா, போயா?

ஸ்பானிஷ் பேசும் நண்பர் ஒருவர் சொன்ன இடத்தில் காத்திருக்கிறார். தமிழில் என்றால் யோசிக்கவே வேண்டாம்: "டேய் சாரிடா, லேட் ஆயிடுச்சு. இதோ வந்துட்டிருக்கேன், பத்து நிமிஷத்துல வந்துடுவேன். கோச்சுக்காத." இதையே ஸ்பானிஷில் தட்டும்போது பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் ஒன்றுதான் கைக்கு வரும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் இப்படி:

```
Lo siento mucho, amigo. Estoy tarde.
Ya vengo, vengo en diez minutos.
No te enojes.
```

அந்த ஊர்க்காரர் தட்டுகிற மாதிரி எழுதினால் இப்படி:

```
Perdón, se me hizo tarde.
Ya voy, llego en diez minutos.
No te enojes.
```

என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். முதலாவதில் இருப்பவை எல்லாமே தவறு என்று இல்லை. ஆனால் அதில் ஒரு வினைச்சொல் நண்பரைக் குழப்பியே விடும். அதற்கு முன்னால் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம்.

மன்னிப்புச் சொல். 'லோ சியென்தோ' என்பதற்கு நேர்ப்பொருள் 'அதற்காக வருந்துகிறேன்'. கூடவே 'முச்சோ' சேர்ந்தால், துக்கம் விசாரிக்கும்போது சொல்லும் வாசகமும் அதுவே. பத்து நிமிடத் தாமதத்துக்கு அது கொஞ்சம் கனம். 'பெர்தோன்' நம் சாரிக்குச் சரியான எடை. 'பெர்தோனா' என்றும் எழுதலாம். ஆனால் அதன் கடைசி எழுத்து e ஆகிவிட்டால் அது 'நீங்கள்' போட்டுப் பேசும் மரியாதை வடிவம். டா போட்டுப் பேசுகிற நண்பரிடம் அது விறைப்பாக நிற்கும்.

அந்த 'டா'வுக்கு நேர்ச்சொல் தேட வேண்டாம். ஸ்பெயினில் 'தீயோ' என்பார்கள், மெக்சிகோவில் 'வேய்', அர்ஜென்டினாவில் 'சே'. ஒரு நாட்டுச் சொல்லை இன்னொரு நாட்டுக்காரரிடம் போட்டால் நாடகத்தனமாக இருக்கும். நண்பர் உங்களுக்கு எதை எழுதுகிறாரோ அதைத் திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கோபிக்காதே என்பதும் அப்படித்தான். மேலே உள்ளது லத்தீன் அமெரிக்க வழக்கு, ஸ்பெயினில் கடைசிச் சொல் enfades ஆகும்.

'லேட் ஆயிடுச்சு' என்ற இடத்தில் ஒரு வேடிக்கை. முதல் வடிவத்தின் 'எஸ்தோய் தார்தே' தமிழிலிருந்து வந்ததே இல்லை, ஆங்கில வாக்கியத்தின் நகல். ஸ்பானிஷில் அப்படிச் சொல்வதில்லை. நேராகத் தமிழிலிருந்து போயிருந்தால் பிழையே வந்திருக்காது. ஏனென்றால் 'சே மே ஈசோ தார்தே' என்பது அச்சு அசலாக 'எனக்கு லேட் ஆயிடுச்சு' தான். நான் தாமதம் செய்தேன் என்று அது சொல்வதில்லை. நேரம் தானாக ஆகிவிட்டது, அது எனக்கு நேர்ந்தது, அவ்வளவே. அந்த நடுவில் வரும் 'மே'தான் நம் 'எனக்கு'. அதை விட்டுவிட்டால் பொதுவாகப் பொழுதாகிவிட்டது என்று மட்டும் பொருள்படும். ஸ்பெயினில் இதையே 'சே மே ஆ எச்சோ தார்தே' என்பதுதான் வழக்கம்.

இனி முக்கியமான இடம்: 'இதோ வந்துட்டிருக்கேன்'.

தமிழில் 'வா' என்பது பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கி மட்டும் நகர்வதில்லை, கேட்கிறவர் இருக்கும் இடத்தை நோக்கியும் நகரும். அதனால் நண்பர் நிற்கும் இடத்துக்குக் கிளம்பும்போது 'வரேன்' என்கிறோம். 'போறேன்' என்றால் அவரை விட்டு வேறெங்கோ போவதாக அர்த்தமாகிவிடும். ஸ்பானிஷில் 'வா'வுக்கு இணையான வினை 'பெனீர்', அதன் 'நான்' வடிவம்தான் பெங்கோ, அதாவது vengo. ஆனால் அது நம் 'வா' போன்றதல்ல. அது பேசுகிறவர் நிற்கும் இடத்தை விடாது. நான் இருக்கும் இடத்துக்கு எவராவது வந்தால்தான் பெனீர். நான் இங்கிருந்து உன்னிடத்துக்கு நகர்ந்தால் அது 'ஈர்', அதாவது போவது. ஆகவே தமிழ் 'வரேன்' இங்கே ஈர்-இன் 'நான்' வடிவமான 'போய்' ஆகிறது: voy. ஸ்பானிஷில் v எழுத்து b ஒலிதான், தமிழில் எழுதினால் நம் 'போய்' மாதிரியே வந்து நிற்கும். பொருளும் போவதுதான், மறக்கவே மறக்காது.

கேள்வி பதிலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

```
—¿Vienes?
—Sí, ya voy.
```

'வரியா?' 'ஆமா, வரேன்.' தமிழில் இரண்டிலும் ஒரே வினை. ஸ்பானிஷில் கேட்பவர் பெனீரில் கேட்கிறார், ஏனென்றால் அவர் நிற்கும் இடத்துக்குத்தான் வரவேண்டும். பதில் சொல்பவர் ஈர்-இல் சொல்கிறார், ஏனென்றால் அவர் தன் இடத்தை விட்டுப் போகிறார். கேள்வியில் இருந்த வினையையே பதிலில் எடுத்துப் போடுவது நம் பழக்கம், வழுக்குவது அங்கேதான்.

சரி, 'யா பெங்கோ' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அது பொருளில்லாத வாக்கியமாக இருந்திருந்தால் தேவலை, நண்பர் ஊகித்துக்கொள்வார். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. ஓர் இடத்தை விட்டு எழுந்து போகும்போது 'இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போவோமே, அதுதான் அது. போய்விட்டு இங்கேயே திரும்புவேன் என்று பொருள். காத்திருக்கும் நண்பர் இதைப் படித்தால், இவன் வந்துவிட்டு எங்கேயோ போய்விட்டானா என்று சுற்றிலும் தேடுவார். 'எஸ்தோய் பினியெந்தோ' என்று தொடர்வினையாக்கினாலும் அதே சிக்கல் தொடரும். கத்தலான் மொழியில் இந்த வினை நம் 'வா' போலவே கேட்பவரை நோக்கியும் போகும் என்பதால், அம்மொழிக்காரர்களின் ஸ்பானிஷில் சில சமயம் பெங்கோ இப்படிக் காதில் விழும். அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரிபார்க்க ஒரே கேள்வி போதும்: தட்டும் நேரத்தில் உங்கள் கால் நிற்கும் இடத்தை விட்டு விலகுகிறீர்களா, அந்த இடத்துக்கே திரும்புகிறீர்களா? விலகினால் போய், திரும்பினால் பெங்கோ. அவசரத்தில் இதெல்லாம் ஓடாது என்றால் 'யேகோ' போடுங்கள். llego என்றால் 'வந்து சேர்கிறேன்'. சேரும் இடத்தை மட்டுமே அது பார்க்கும், யார் எங்கே நிற்கிறார் என்று கேட்காது. 'பத்து நிமிஷத்துல வந்துடுவேன்' என்பதற்கு இரண்டாம் வடிவத்தில் அது இருப்பதற்குக் காரணமும் இதுதான்: தமிழில் அந்த 'வந்துடுவேன்' வரவைவிட வந்து சேர்வதைத்தான் சொல்கிறது.

முதல் வடிவத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றை மாற்றினால் போதும்: mucho-வை எடுங்கள், Estoy tarde இருந்த இடத்தில் Llego tarde, இரண்டு vengo-வுக்கும் voy, llego. amigo கொஞ்சம் பாடப்புத்தகம் போல ஒலிக்கும், ஆனால் புரியும்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் நண்பரைக் காணோம் என்றால் கணக்கு திரும்பிவிடும். இப்போது அங்கே நிற்பது நீங்கள். ¿Vienes? என்று நீங்கள் கேட்கலாம், voy என்று அவர் பதில் போட வேண்டும்.