280-க்குள் ஒரு ஜமுக்காளம்: நாலு வருட அனுபவம்

பவானியில் என் மாமாவும் அத்தையும் நெய்யும் ஜமுக்காளங்களைப் படமெடுத்துப் போடுவது நாலு வருடமாக என் வேலை. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை இடம் உண்டு, அதனால் அங்கே மனம்போல எழுதுவேன். அதையே எக்ஸில் போட வேண்டுமென்றால் 280-க்குள் சுருக்க வேண்டும். இலவசக் கணக்குக்கு அவ்வளவுதான்.

முதலில் தடுக்கி விழுந்தது எண்ணிக்கையில். நாம் 'கு' என்பதை ஓர் எழுத்து என்போம். எக்ஸ் பெட்டி அதை 'க' ஒன்று, உகரக்குறி ஒன்று என இரண்டாக எண்ணும். புள்ளி வைத்த எழுத்தும் இரண்டுதான். 'நெய்துகொண்டிருக்கிறார்கள்' என்பது கண்ணுக்கு 13 எழுத்து, பெட்டியில் 25. 'நெய்கிறார்கள்' என்றால் 13, 'நெய்தது' என்றால் வெறும் 7. இதைக் கண்டுகொண்ட பிறகு, சுருக்க உட்கார்ந்தால் முதலில் வினைமுற்றின் வாலைத்தான் பார்க்கிறேன். ஒற்றெழுத்தைத் தின்று இடம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, படிக்கிறவர் வாய் இடறும். (புளூஸ்கையில் 300 வரை, அங்கே கண்ணால் எண்ணுகிற எழுத்துதான் கணக்கு.)

முன்கூட்டியே எண்ணிப் பார்க்க எக்செல் போதும். வாசகத்தை A1 கட்டத்தில் ஒட்டிவிட்டு வேறு கட்டத்தில் இதை அடித்தால் போதும், தமிழுக்குக் கணக்கு ஒத்துவரும்:

```
=LEN(A1)
```

இணைப்பு மட்டும் விதிவிலக்கு. அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் எக்ஸில் 23 என்றே கணக்கு.

எண்ணிக்கை பழகியும் ஒருமுறை சரியாகக் கோட்டை விட்டேன். நீளமான பதிவு இப்படி ஆரம்பித்தது: "மழை விட்ட காலை. கூடுதுறையில் காவிரியும் பவானியும் நிறைந்து போகின்றன. தறிவீட்டு வாசலில் சிவப்பும் பச்சையுமாக ஜமுக்காளம் விரிந்து கிடக்கிறது..." இப்படிப் பத்து வரி போய், கடைசியில்தான் இருவர் சேர்ந்து நெய்த கதையும் விலையும் வரும். எக்ஸுக்காக அதை அடியிலிருந்து வெட்டினேன். ஆறும் மழையும் மிஞ்சின, விலையை மட்டும் ஒட்டவைத்தேன். அன்று வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "ஒரு ஜமுக்காளத்துக்கு ஏன் இவ்வளவு விலை?"

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஏங்கண்ணு, நாங்க ரெண்டு பேரு உக்காந்து நெய்யறதை உட்டுப்போட்டு ஆத்தை எழுதி வெச்சிருக்கறே?" என்றார்.

தமிழில் நமக்கு இது இயல்பாக வரும் பழக்கம். வினை கடைசியில், அதனால் சேதியும் கடைசியில். அடியிலிருந்து வெட்டினால் முதலில் போவது அந்தச் சேதி. அதிலிருந்து, பழைய பதிவைக் கத்தரிப்பதையே விட்டுவிட்டேன். அதை மூடி வைத்துவிட்டு, வாங்குகிறவர் கேட்கப்போகிற ஒரே கேள்வியைத் தாளில் எழுதுவேன். அதற்கான பதிலைப் புதிதாக எழுதுவேன். அப்புறம் படத்தையும் வாசகத்தையும் பக்கத்தில் வைத்து, படத்திலேயே தெரிவதை அடிப்பேன். சிவப்பும் பச்சையும் அப்படித்தான் போயின. அளவு படத்தில் தெரியாது, அதனால் நின்றது. வந்தது இது:

"பவானி ஜமுக்காளம், 6 அடிக்கு 9 அடி. ஒரே தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து நெய்தது. ஒருவர் எறியும் நாடாவை மற்றவர் பிடித்துத் திருப்பி எறிவார். இரண்டு ஆள் கூலி சேர்ந்துதான் இந்த விலை."

187. முன்னால் ஓர் இடைவெளியோடு இணைப்பும் சேர்த்தால் 211. மிச்சம் 69 இருக்கிறதே என்று மழையைத் திரும்பக் கொண்டுவர ஆசைதான். வேண்டாம் என்று விட்டேன். நாடா வரியை எடுத்தாலும் கணக்கு நிற்கும், ஆனால் இருவர் எதற்கு என்பது அதில்தான் புரிகிறது. அதனால் அதை மட்டும் தொடவே இல்லை.

போடுவதற்கு முன் படமில்லாமல் வாசகத்தை மட்டும் தங்கைக்கு அனுப்புவேன். "என்ன சொல்றேன்னு உன் வார்த்தையில ஒரு வரி சொல்லு" என்பேன். அவள் "ரெண்டு கூலி, அதனால விலை" என்றால் சரி. "நல்லா எழுதியிருக்கே" என்றால் மறுபடி உட்கார வேண்டும்.

ஒன்று மட்டும் இந்த முறைக்கு அடங்கவில்லை. விலைக்கான காரணத்தையும் துவைக்கும் முறையையும் ஒரே பதிவில் சேர்க்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாக நிற்கின்றன. தொடர்பதிவாகப் போட்டுப் பார்த்தேன், முதல் பதிவை மட்டும்தான் மற்றவர்கள் பகிர்ந்தார்கள். இப்போது துவைக்கும் சேதியை வேறொரு நாளில், மடித்து வைத்த ஜமுக்காளத்தின் படத்தோடு தனியாகப் போடுகிறேன்.