ஆல்பம் சாஃப்ட்வேர்: கேப் சரியா வருது, ஓரத்து ஆளு போயிடுறாரு

தண்டையார்பேட்டையில் சின்ன ஸ்டுடியோ. காது குத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வீட்டு விசேஷ ஆல்பங்கள்தான் அதிகம். கல்யாணம் மாதிரி நிறைய ஷீட் போடமாட்டார்கள். ஆனால் எல்லா சொந்தமும் ஆல்பத்தில் இருக்க வேண்டும். அதனால் ஒரு பக்கத்தில் ஒன்பது பத்து போட்டோ உட்கார வேண்டியிருக்கும். இந்த நெருக்கடிக்காகத்தான் ஃபோட்டோஷாப்பில் திறக்கும் பி.எஸ்.டி டெம்ப்ளேட்டை விட்டுவிட்டு, படத்துக்கும் படத்துக்கும் நடுவே விடும் கேப் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆல்பம் சாஃப்ட்வேருக்கு மாறினேன். வருஷக்கணக்கில் ஓட்டியாயிற்று. பெயர் போடவில்லை, எனக்குத் தெரிந்து இந்த வகை எல்லாமே ஏறக்குறைய இதே குணம்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் எல்லாரும் கேட்கிற 12க்கு 36 ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மடிப்பு. ஆக ஒரு பக்கம் 18 அங்குல அகலம், 12 அங்குல உயரம். சுற்றிலும் அரை அங்குலம் விட்டால் வேலை செய்ய 17க்கு 11 கிடைக்கும். கேப் கால் அங்குலம். கேமராவில் வரும் படுக்கைப் படங்கள் 3:2.

போன மாசம் முடித்த காது குத்து ஆல்பத்தில் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மெயின் போட்டோ எது என்பதில் சந்தேகமே இல்லை. தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை, ஆசாரியின் கை காதருகே, அலறல் ஆரம்பிக்கப் போகிற நொடி. அதை இடது மேல் மூலையில் 12.75க்கு 8.5 என்று வைத்தேன். அதன் வலது பக்கம் 4 அங்குல அகலத்தில் மூன்று படுக்கைப் படங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றும் 2.67 அங்குல உயரம், நடுவில் இரண்டு கேப். கூட்டிப் பாருங்கள், அதே 8.5. அகலமும் 12.75, கால், 4 சேர்ந்து சரியாக 17. எதையும் வெட்டவில்லை.

இது தற்செயல் இல்லை. ஒரு பெரிய 3:2 படத்துக்குப் பக்கத்தில் மூன்று சின்ன 3:2 படங்களை இப்படி அடுக்கினால், கேப் எவ்வளவு வைத்தாலும் மொத்தக் கட்டம் இரண்டுக்கு ஒன்றாகவே வரும். அகலம் 17 என்றால் உயரம் 8.5 தான். இதைச் சாஃப்ட்வேரில் கேப்பை ஏற்றி இறக்கிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். கால்குலேட்டரில் தட்டி உறுதி செய்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்கே ஒரு வருஷச் சந்தா கொடுக்கலாம்.

கீழே ஒரு கேப் போக 2.25 அங்குலம் மிச்சம். அதில் ஒரே வரிசையாக ஐந்து படம், ஒவ்வொன்றும் 3.2 அகலம். அந்த உயரத்துக்கு முழுப் படம் 3.37 அகலம் கேட்கும், ஆக நூற்றுக்கு ஐந்து பங்கு வெட்டு. பரவாயில்லை. நின்ற வாக்கில் எடுத்த படங்கள் இருந்தாலும் பயமில்லை. நடுவில் ஒரு கேப்போடு இரண்டு நிற்கும் படங்களைச் சேர்த்தால் ஒரு படுக்கைப் படத்தின் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும், வெட்டு கண்ணுக்கே தெரியாது. இப்படி ஒரு பக்கத்தில் ஒன்பது படம், பத்தும் வரும். மெயின் படம் பக்கத்தில் இருப்பதைவிட பரப்பில் பத்து மடங்கு பெரிசு என்பதால், எங்கே பார்ப்பது என்று யாரும் முழிக்க மாட்டார்கள்.

இனி எரிச்சல்.

கஸ்டமர் பக்கத்தில் உட்கார்ந்து "மாமன் படத்த இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்கண்ணே" என்பார். ஓரத்தைப் பிடித்து அரை அங்குலம் இழுப்பேன். சாஃப்ட்வேர் கேப்பை ஒரு மயிரிழை விடாமல் காப்பாற்றும். அதற்குப் பதிலாகப் பக்கத்து மூன்று படங்களின் அகலத்தை 4லிருந்து 3.5 ஆக்கி, இரண்டு ஓரத்தையும் சமமாக வெட்டிவிடும். கேட்காது, சொல்லாது. எட்டில் ஒரு பங்கு அகலம் போகிறது. எட்டுப் பேர் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவில் எட்டில் ஒரு பங்கு என்றால் ஓர் ஆள். நடுவைப் பிடித்து வெட்டுவதால் இந்தப் பக்கம் பாதி சித்தப்பா, அந்தப் பக்கம் பாதி அத்தை. ஓரத்தில் நிற்பவர்கள் யார்? கடைசியில் கூப்பிட்டு நிறுத்தப்பட்டவர்கள். ஏற்கெனவே மனத்தாங்கலோடு நிற்பவர்கள். ஆல்பத்தில் பாதி உடம்பைப் பார்த்தால் அடுத்த விசேஷத்துக்கு வருவார்களா?

மெயின் படத்துக்குக் கிடைத்த லாபம் அரை அங்குலம். பக்கத்தைப் புரட்டுகிறவர் கண்ணுக்கு அது படவே படாது. அதனால் இப்போது குரூப் போட்டோக்களை முதலிலேயே பூட்டு போட்டுவிடுகிறேன். மெயின் படத்துக்குப் பக்கத்தில் குரூப் வைப்பதில்லை. அங்கே தட்டு, வளையல், சாப்பாட்டுப் பந்தி மாதிரி ஓரம் போனால் வழக்கு வராத படங்கள்தான். முகத்தைப் பார்த்து வெட்டும் வசதி இருப்பதாக மெனுவில் போட்டிருக்கிறது. இருக்கிறது, மெயின் முகத்துக்கு. ஓரத்து முகம் அதன் கணக்கில் இல்லை.

இன்னொன்று. இதற்குச் சாஃப்ட்வேரைத் திட்டுவது நியாயமில்லை என்றாலும் திட்டத்தான் தோன்றுகிறது. பிரிண்ட் வந்த பிறகு ஒருவர் போனில், "அண்ணே, கீழ் வரிசையில ஒரு எடத்துல மட்டும் கேப் பெருசா கீது" என்றார். ஸ்கேல் வைத்து அளந்தேன். எல்லா இடத்திலும் ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரே அளவு. ஆனால் அவர் சொன்னதும் உண்மை. அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டை; ஃபிளாஷ் பட்டுப் பேப்பர் வெள்ளையாகவே ஆகியிருந்தது. சட்டையும் பக்கத்தின் வெள்ளையும் ஒன்றாகக் கலந்து கேப் இரண்டு மடங்காகத் தெரிந்தது. மண்டபத்து நாற்காலி உறை, சுண்ணாம்புச் சுவர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஸ்கிரீனைக் கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எங்கே ஓரம் கரைகிறது என்று உடனே பிடிபடும். பக்கத்தின் நிறத்தை லேசான சாம்பலுக்கு மாற்றினாலோ, படத்தைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு போட்டாலோ சரியாகிவிடும். அந்தக் கோட்டைச் சாஃப்ட்வேர் படத்துக்கு வெளியே போடுகிறதா உள்ளே போடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போட்டால் கேப்பைத் தின்னும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பற்றி ஒரு வரி. அகலம் 1600 பிக்சல் இருந்தால் 4 அங்குல இடத்தில் பிரமாதமாக வரும். அதையே மெயின் இடத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 125 பிக்சல்தான். முகம் மாவு மாதிரி இருக்கும். சாஃப்ட்வேர் மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் காட்டும், அவ்வளவுதான்.

இப்போது விலை இறங்கியிருப்பதால் ராயபுரம், பெரம்பூர் பக்கத்து நண்பர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். டெம்ப்ளேட்டில் ஒரு மணி நேரம் பிடிக்கும் பக்கம் இதில் பத்து நிமிஷத்தில் முடிகிறது. கேப்பைப் பற்றி அதற்குப் பின் நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நேற்றுதான் ஒரு சித்தப்பாவுக்காக மூன்று ஷீட்டைத் திரும்ப என் செலவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாசம் கேளுங்கள், வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன்.