ரீஃபண்ட் வரும் என்று காத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்: 41,300 ரூபாயில் என் கைக்கு ஒரு பைசா வரவில்லை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்துதரும் ஆன்லைன் சேவை ஒன்றிடம் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான வேலையைக் கொடுத்தேன். பேசிய பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். என் படிவம் 16-ஐ வரிவரியாகப் படித்து, "சார், உங்களுக்கு 41,300 ரூபாய் ரீஃபண்ட் இருக்கு. போர்ட்டல் பாஸ்வேர்டும் வர்ற ஓடிபியும் மட்டும் குடுங்க, அப்புறம் நீங்க எதையும் திறந்துகூட பார்க்க வேண்டாம்" என்றார். காசு வாங்கிக்கொண்டு செய்யும் தொழில், சொன்னபடி செய்வார்கள் என்றுதான் யாரும் நம்புவார்கள்.

நான் கொடுத்த ஓடிபியை வைத்து அவர்கள் செய்த முதல் காரியம், வருமான வரித் துறை போர்ட்டலில் என் மின்னஞ்சலையும் செல்பேசி எண்ணையும் எடுத்துவிட்டுத் தங்களுடையதைப் போட்டது. இது எனக்குத் தெரியாது. துறையிலிருந்து வந்த எல்லாமே அவர்களுக்குத்தான் போயிருக்கிறது.

அதில் ஒன்று 245-ஆம் பிரிவு அறிவிப்பு. பழைய வரி பாக்கி இருந்தால், ரீஃபண்டை அதில் கழிப்பதற்கு முன்னால் இந்த அறிவிப்பை அனுப்புவார்கள். பதில் சொல்ல 21 நாள் இருக்கிறது. பேசாமல் இருந்தால் கழித்துவிடுவார்கள். என் பெயரில் 2014-15 மதிப்பீட்டு ஆண்டுக்கு 11,900 ரூபாய் பாக்கி என்று கிடந்திருக்கிறது. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவில்லை. அதனால் என் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது ஏறவே இல்லை. கட்டாத பாக்கிக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி. 117 மாதத்துக்கு 13,923 ரூபாய் சேர்ந்து, மொத்தம் 25,823 ஆகிவிட்டது.

வயிறு எரிவது இதற்குத்தான்: இந்தப் பாக்கிக்கு நல்ல பதில் இருந்தது. சம்பளத்தில் வரியைப் பிடித்தாகிவிட்டது என்றால், அந்த வரியைத் திரும்ப ஊழியரிடமே கேட்கக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு சொல்கிறது. வரி பிடித்ததைக் காட்டும் சம்பளச் சீட்டுகளும் அந்த வருடத்துப் படிவம் 16-ம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. Response to Outstanding Demand பக்கத்தில் பாக்கியை ஏற்கவில்லை என்று தேர்வுசெய்து இவற்றை இணைத்திருக்க வேண்டும். அறிவிப்பு யார் கையில் இருந்ததோ அவர்கள் வாயைத் திறக்கவில்லை. 25,823 போனது.

மீதி 15,477 ஆவது வந்ததா? அதுவும் இல்லை. எனக்கு இரண்டு வங்கிக் கணக்கு. ஒன்று என் சம்பளக் கணக்கு. இன்னொன்று தம்பியோடு சேர்ந்து வைத்திருப்பது, முதல் பெயர் என்னுடையது. அவன் கடன் தவணை அதிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். ரீஃபண்ட் சம்பளக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று எழுத்தில் சொல்லியிருந்தேன். அவர்கள் ரிட்டர்னில் இரண்டையுமே டிக் செய்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மேல் டிக் செய்தால், சரிபார்க்கப்பட்ட கணக்குகளில் எதில் போடுவது என்பதைப் ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் துறையின் பெங்களூரு மையமான சிபிசி முடிவு செய்யும். கூட்டுக் கணக்குக்குப் போனது. நிலுவையில் இருந்த தவணைக்கு வங்கி அன்றே எடுத்துக்கொண்டது.

கேட்டால் வரும் பதில்களைப் பாருங்கள். முதலில், "ஸ்டேட்டஸ்ல ரீஃபண்ட் வழங்கப்பட்டதுன்னு இருக்கே சார்." அப்புறம், "பழைய பாக்கி உங்களுடையது, எங்க பேக்கேஜ்ல அது வராது." அறிவிப்பை ஏன் எனக்கு அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, "உங்க டிக்கெட் மூடப்பட்டது, சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்." 41,300 ரூபாயைத் தொலைத்துவிட்டு மதிப்பெண் கேட்கிறார்கள்!

பாக்கியை ஏற்கவில்லை என்று இப்போது நானே பதிவு செய்து, குறைதீர்ப்பிலும் புகார் போட்டிருக்கிறேன். வரித்துறை அலுவலர் பார்த்துப் பாக்கியை நீக்கினால்தான் கழித்த பணம் திரும்பும்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். போர்ட்டலில் உள்ளே போய் My Profile-ல் இருப்பது உங்கள் எண்ணும் மின்னஞ்சலும்தானா என்று இன்றைக்கே பாருங்கள். Pending Actions-ல் பழைய பாக்கி ஏதாவது கிடக்கிறதா பாருங்கள், ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே. ரீஃபண்டுக்கு ஒரே ஒரு கணக்கை மட்டும் டிக் செய்யுங்கள். e-File வழியாக View Filed Returns போனால் ரீஃபண்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். "வழங்கப்பட்டது" என்று இருந்தால் எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை என்று சரிபாருங்கள். பாஸ்வேர்டை யாரிடமாவது கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.